படித்தது உண்மையிலேயே தெரியுமா? நிலவின் பிறைகளை வைத்து ஒரு முழுமையான சுயசோதனை

ஒரு விஷயம் தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலோர் மனதுக்குள் ஒரு நொடி துழாவிவிட்டு, ஏதோ தட்டுப்பட்டதும் "தெரியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். தட்டுப்பட்டது பதிலா, வெறும் தலைப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கடினமானது அல்ல. ஆனால் படிகளின் வரிசை மாறினால் சோதனை கெட்டுவிடும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? எல்லோரும் பள்ளியில் படித்தது, எல்லோரும் வானத்தில் பார்த்தது. பழகிப்போன தலைப்பு என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன். முடிந்தால், நான் சொல்லும் இடங்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டு நீங்களும் கூடவே செய்துபாருங்கள்.

## 1. "தெரியும்" என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது

இது புரியாவிட்டால் பின்வரும் படிகளில் பாதி வீண்வேலையாகத் தோன்றும்.

ஒரு கேள்வியைக் கேட்டதும் பதிலைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே "இது எனக்குத் தெரியும்" என்ற உணர்வு வந்துவிடுகிறது. 1992-இல் ரீடர், ரிட்டர் என்ற இரு உளவியலாளர்கள் இதை அழகாகப் பிடித்துக் காட்டினார்கள். சில எண்களைக் கொண்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிறகு அதே எண்களை வைத்து, நடுவில் இருக்கும் குறியை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். 23 + 27 பலமுறை பார்த்தவருக்கு இப்போது 23 × 27 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் நினைவில் இருக்கிறதா, இல்லை கணக்குப் போட வேண்டுமா என்று ஒரு நொடிக்குள் சொல்ல வேண்டும். எண்களை அதிகம் பார்த்திருந்தவர்கள், அதுவரை விடையே கண்டிராத கணக்குக்கும் "நினைவில் இருக்கிறது" என்று சாய்ந்தார்கள்.

அதாவது, அந்த உணர்வைக் கிளப்புவது கேள்வியில் உள்ள சொற்களின் பழக்கம்தான். விடை கையில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். "நிலவு", "பிறை", "பூமி", "நிழல்" எல்லாம் ஆயிரம் முறை கேட்ட சொற்கள். உணர்வு பலமாக வரத்தான் செய்யும்.

திரும்பப் படிப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது வரிகள் சரளமாக ஓடுகின்றன. அந்தச் சரளத்தை நாம் புரிதல் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். ரோடிகரும் கார்ப்பிகியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் இருந்தார்கள். ஒரே அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிய மாணவர்களும் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். ஒரு வாரம் கழிந்தது. அவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம்.

ஆகவே உணர்வைத் தனியாக ஒரு ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, அதைத் தொடாமல் சோதனையை நடத்த வேண்டும்.

## 2. தொடங்கும் முன்: தலைப்பைச் சோதிக்கக்கூடிய அளவுக்கு வெட்டுங்கள்

வெற்றுத் தாள் நான்கைந்து, ஒரு பேனா, நம்பகமான ஒரு நூல் அல்லது பாடம். இவ்வளவுதான் பொருட்கள். பென்சில் வேண்டாம். அழித்துவிட்டால் எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்பது காணாமல் போய்விடும், பின்னால் நமக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான்.

நேரம் பிடிக்கும் வேலை தலைப்பை வெட்டுவது. "எனக்கு வானியல் தெரியுமா?" என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது, மனநிலையைப் பொறுத்து ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லலாம். புதிதாக இதைச் செய்ய வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. அகலமான தலைப்பை எடுத்து, அதில் தெரிந்த மூலையை மட்டும் எழுதி, முழுத் தலைப்பும் தெரியும் என்று முடித்துக்கொள்கிறார்கள்.

வெட்டும் முறை இப்படி. "தெரியும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செயலைப் போடுங்கள். நம் தலைப்புக்கு நான் போடுவது இரண்டு வரி:

பிறைகள் ஏன் உண்டாகின்றன என்பதை, இடையில் ஒரு கண்ணியும் விடாமல், படம் போட்டு விளக்க முடிய வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குறிப்பிட்ட பிறை வானத்தில் இருக்க முடியுமா என்று கேட்டால், கண்டுபிடித்துச் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். எந்தப் பாடத்திலும் அப்படியே எழுதியிருக்காத ஒன்றைச் செய்யச் சொல்கிறது. இப்படி ஒரு வரியாவது இல்லையென்றால் நீங்கள் சோதிக்கப்போவது மனப்பாடத்தை மட்டும்தான்.

## 3. மதிப்பெண்ணை முதலிலேயே எழுதுங்கள்

தாளின் மேல்மூலையில் 1 முதல் 7 வரை ஒரு எண். 1 என்றால் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். 7 என்றால் யார் எப்படிக் குடைந்தாலும் விளக்குவேன். யோசிக்க வேண்டாம், சட்டென்று தோன்றுவதை எழுதி அன்றைய தேதியைப் போடுங்கள்.

இதை விட்டுவிட்டுச் சோதனையை மட்டும் செய்பவர்கள் நிறையப் பேர். சோதனை முடிந்ததும் "எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று முன்னாடியே தெரியும்" என்பார்கள். மனம் பழைய மதிப்பீட்டைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது. எழுதிய எண்ணை அப்படித் திருத்த முடியாது. உங்களுக்கு ஒரு தலைப்பு தெரியுமா என்பதோடு, உங்கள் உணர்வு எவ்வளவு தள்ளிப் பாய்கிறது என்பதும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் தெரியவரும்.

2002-இல் ரோசன்பிளிட், கைல் இருவரும் செய்தது கிட்டத்தட்ட இதேதான். ஜிப், பூட்டு, கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு புரியும் என்று 7-க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லி, மறுபடி மதிப்பெண் கேட்டார்கள். எண்கள் இறங்கின. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: நாடுகளின் தலைநகரங்கள் போன்ற தனித் தகவல்களில் இந்த இறக்கம் மிகக் குறைவு. தலைநகரம் தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே உறைத்துவிடும். "எப்படி வேலை செய்கிறது" என்ற வகை அறிவில்தான் ஏமாற்றம் அதிகம். எனவே சோதிக்க நேரம் குறைவு என்றால், காரணம் சொல்ல வேண்டிய தலைப்புகளை முதலில் எடுங்கள்.

## 4. ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள்

இப்போதுதான் படித்து முடித்தீர்களா? அப்படியென்றால் இன்று சோதிக்காதீர்கள். படித்த வாசகங்கள் இன்னும் மனதின் மேற்பரப்பில் மிதந்துகொண்டிருக்கும், அவற்றை அப்படியே இறக்கிவைத்துவிட்டுத் தெரியும் என்று நினைத்துக்கொள்வீர்கள். சொற்ஜோடிகளை வைத்து நெல்சன், டன்லாஸ்கி 1991-இல் செய்த சோதனையில், படித்த உடனே "இது நினைவிருக்கும்" என்று சொன்ன கணிப்புகள் நிறையத் தவறின. சற்று நேரம் கழித்துச் சொன்னவை பெரும்பாலும் சரியாக அமைந்தன.

அவர்கள் விட்ட இடைவெளி சில நிமிடங்கள்தான். ஆனாலும் விளக்க வேண்டிய தலைப்புக்கு ஓர் இரவு தூங்கி எழுந்து செய்வதையே நான் சொல்வேன். பல வருடங்களுக்கு முன் படித்ததைச் சோதிக்கிறீர்கள் என்றால் இந்தப் படியே தேவையில்லை. "ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் புரட்டலோடு சோதனை முடிந்தது.

## 5. வெற்றுத் தாளில் முழு விளக்கத்தை எழுதுங்கள்

புத்தகத்தை மூடி வேறு அறையில் வையுங்கள். பக்கத்தில் மூடியிருந்தால் கை போகும். தலைக்குள்ளேயே விளக்கிப் பார்ப்பது போதாது, எழுத வேண்டும். மனதுக்குள் விளக்கும்போது ஓட்டை வரும் இடத்தை ஒரு "அப்படித்தான்" போட்டுத் தாண்டிவிடலாம். தாளில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

பிறைகளைப் பற்றி வரும் முதல் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"நிலவு பூமியைச் சுற்றி வருகிறது. நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரிய ஒளியைப் பிரதிபலிக்கிறது. சுற்றிவரும்போது சூரியன், பூமி, நிலவு ஆகியவற்றின் நிலை மாறுவதால் பிறைகள் உண்டாகின்றன."

ஒரு வரியிலும் தவறு இல்லை. எழுதியவர் 6 போட்டிருப்பார். ஆனால் இந்த மூன்று வரியைப் பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று நம்புகிறவரிடம் காட்டுங்கள். அவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். "நிலை மாறுவதால்" என்பதற்குள் சரியான காரணமும் ஒளிந்துகொள்ளலாம், தவறான காரணமும் ஒளிந்துகொள்ளலாம்.

உங்கள் தாளை வடிகட்ட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது: இந்த வரியைத் தவறாகப் புரிந்துகொண்டவரும் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை. அதன் கீழே கோடு போட்டு, "எப்படி?" என்று எழுதி, அதற்குப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலில் இன்னொரு மழுப்பல் வந்தால் அதன் கீழும் கோடு.

இந்தத் தலைப்பில் அப்படிக் குடைந்துகொண்டே போனால் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் இது. சூரியனைப் பார்த்திருக்கும் நிலவின் பாதி எப்போதும் ஒளிர்கிறது, மறுபாதி எப்போதும் இருட்டு. கிரகண நேரம் தவிர இதில் மாற்றமே இல்லை. மாறுவது, ஒளிரும் அந்தப் பாதியில் எவ்வளவு பங்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான். நிலவு சூரியன் இருக்கும் திசையிலேயே இருந்தால் ஒளிரும் பாதி முழுவதும் நமக்கு மறுபுறம், அது அமாவாசை. சூரியனுக்கு நேர் எதிரே இருந்தால் ஒளிரும் பாதி முழுவதும் நம்மைப் பார்த்திருக்கும், அது பௌர்ணமி. சூரியனிலிருந்து 90 பாகை விலகியிருந்தால் பாதி நிலவு. இதில் பூமியின் நிழலுக்கு வேலையே இல்லை.

படத்தையும் போடுங்கள். படம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். நடுவில் பூமி, வலப்பக்கத்திலிருந்து இணையாக வரும் சூரிய ஒளி, பூமியைச் சுற்றி நிலவின் எட்டு இடங்களுக்கு எட்டுச் சிறு வட்டங்கள். எட்டு வட்டத்திலும் இடப்பாதியைத்தான் கருப்பாக்க வேண்டும், எட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பலர் இந்த வட்டங்களிலேயே பிறை வடிவங்களை வரைந்துவிடுவார்கள். பாடநூல் படங்களில் பெரும்பாலும் இரண்டு வளையங்கள் இருக்கும்: உள்வளையம் மேலிருந்து பார்த்த நிலை, வெளிவளையம் பூமியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வடிவம். நினைவில் தங்கியிருப்பது வெளிவளையத்தின் அழகான வடிவங்கள் மட்டும். படம் நினைவிருக்கிறது, படம் என்ன சொன்னது என்பது இல்லை.

## 6. கோணத்தை மாற்றிக் கேளுங்கள்

விளக்கம் சரியாக வந்துவிட்டாலும் அதோடு நிறுத்தக் கூடாது. நல்ல நினைவாற்றல் உள்ளவர் மேலே சொன்ன பத்தியைப் புரியாமலேயே ஒப்பித்துவிட முடியும். அதனால் பாடத்தில் இல்லாத நான்கைந்து கேள்விகள் வேண்டும். உங்கள் விளக்கம் உண்மையென்றால் வேறு என்ன உண்மையாக இருந்தாக வேண்டும், எது நடக்கவே முடியாது என்று கேட்டுப் பார்த்தால் கேள்விகள் தானாக வரும். இன்னொருவரைக் கேள்வி எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. நமக்கு நாமே கேட்கும்போது விடை தெரிந்த பக்கமாகவே கேள்வி போகும்.

ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் "நிச்சயம்", "பாதி", "ஊகம்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். விடையைச் சரிபார்க்கும் முன்பே எழுத வேண்டும்.

இதோ நான்கு கேள்விகள். விடையைப் படிக்கும் முன் நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் உச்சிவானத்தில் மெல்லிய பிறை தெரிவதாக ஒருவர் சொல்கிறார். நடக்குமா?

பிறையின் இரு கொம்புகளுக்கும் நடுவே, இருட்டாக இருக்கும் இடத்தில், ஒரு நட்சத்திரம் மின்னுவதாக ஓவியர் வரைந்திருக்கிறார். நடக்குமா?

நமக்கு அமாவாசை. அதே நேரத்தில் நிலவின் நம்மைப் பார்த்த பக்கத்தில் நின்று ஒருவர் பூமியைப் பார்த்தால் பூமி எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை?

இப்போது விடைகள்.

முதலாவது நடக்காது. மெல்லிய பிறை என்றாலே நிலவு சூரியனுக்கு அருகே உள்ள திசையில் இருக்கிறது என்று பொருள். நள்ளிரவில் சூரியன் நம் காலடிக்குக் கீழே எங்கோ இருக்கும், நிலவும் அதன் பக்கமாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால்தான் மெல்லிய வளர்பிறையை அந்தி மங்கும் நேரத்தில் மேற்கிலும், மெல்லிய தேய்பிறையை விடியலுக்கு முன் கிழக்கிலும் பார்க்கிறோம். நிழல் கதையை முழுவதுமாக உடைப்பதும் இதுவே: பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் விழும், பிறையோ சூரியனின் பக்கத்தில் நிற்கிறது. நிழல் அங்கே எட்டவே எட்டாது.

இரண்டாவதும் நடக்காது. கொம்புகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் அல்ல, ஒளி படாத நிலவு. அது பின்னால் இருக்கும் நட்சத்திரத்தை மறைத்துவிடும். விளக்கத்தைப் பிழையில்லாமல் எழுதிய பலர் இந்தக் கேள்வியில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நிலவு எப்போதும் முழு உருண்டை என்று எழுதத் தெரிந்திருக்கிறது. பிறையைப் பார்க்கும் கண் மட்டும் இன்னும் வளைந்த துண்டையே பார்க்கிறது.

மூன்றாவதற்கு விடை, முழுப்பூமி. நிலவு சூரியனுக்கும் நமக்கும் இடையே இருப்பதால், அங்கிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால். பூமியின் ஒளிரும் பாதி முழுவதும் அவரைப் பார்த்திருக்கும். இதைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு உபரி கிடைக்கும். அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்துப் பிறையைப் பார்த்தால் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரியும். கிட்டத்தட்ட முழுதாக ஒளிரும் பூமி அங்கே வெளிச்சம் அடிக்கிறது.

நான்காவது, நிலவின் சுற்றுப்பாதை பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தோடு சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால். பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பித்துப் போய்விடுகிறது. வானத்தில் நிலவின் அகலம் அரைப் பாகைதான், ஆகவே 5 பாகை என்பது தாராளமான சாய்வு.

## 7. திருத்தும்போது கருணை காட்டாதீர்கள்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சரியான விடையைப் பார்த்ததும் "அதைத்தான் நானும் நினைத்தேன், எழுதத்தான் வரவில்லை" என்று தோன்றும். முன்பே சொன்ன அதே பழக்க உணர்வுதான், இப்போது விடையின் உருவத்தில் வருகிறது. விதி ஒன்றே: தாளில் இல்லாததை நீங்கள் நினைக்கவில்லை.

மற்றபடி திருத்துவது எளிது. சரி, தவறு, காரணமில்லாமல் சரி என்று மூன்று வகை வையுங்கள். நள்ளிரவுக் கேள்விக்கு "நடக்காது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மூன்றாவது வகை. ஆம், இல்லை என்று இரண்டே விடை இருக்கும் கேள்வியில் பாதி பேருக்குக் குருட்டாம்போக்கில் சரியாகிவிடும்.

அப்புறம் "நிச்சயம்" என்று எழுதித் தவறிய விடைகளைத் தனியாகச் சுற்றி வட்டம் போடுங்கள். இந்தத் தாளிலேயே விலைமதிப்பானவை அவை. "ஊகம்" என்று எழுதித் தவறியதில் பெரிய ஆபத்தில்லை; தேவைப்படும்போது போய்ப் பார்த்துக்கொள்வீர்கள். நிச்சயம் என்று நினைப்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள்.

ஒரு வட்டத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். கிரகணக் கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பௌர்ணமியன்று நிலவு பூமியின் நிழலுக்கு வெளியே வந்துவிடுவதால்தான் முழுதாகத் தெரிகிறது, அதனால் கிரகணம் வராது. நிச்சயம்." பார்ப்பதற்கு ஒரு கேள்வி தவறியதுபோல் இருக்கும். உண்மையில், 5-ஆம் படியில் வெளியே வராமல் பதுங்கியிருந்த நிழல் கதை இங்கே தலையை நீட்டிவிட்டது. இவர் 5 பாகைச் சாய்வை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்தால் பிரச்சினை அப்படியே இருக்கும். விளக்கத்தின் வேரிலிருந்து, எட்டு வட்டப் படத்திலிருந்து, திரும்பத் தொடங்க வேண்டும்.

## 8. மறுமதிப்பெண், பிறகு முடிவு

தாளின் அடியில் புதிய எண் ஒன்றை எழுதி மேல்மூலை எண்ணோடு ஒப்பிடுங்கள். 6 போட்டவர் 3-க்கு வருவது சகஜம், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

விளக்கமும் சரி, புதுக் கேள்விகளும் சரி என்றால், இந்த அளவுக்கு வெட்டிய தலைப்பு உங்களுக்குத் தெரியும். அளவை நினைவில் வையுங்கள். நிலவின் பிறைகள் தெரிந்ததால் கடல் அலையேற்றம் தெரிந்ததாக ஆகாது, இரண்டும் ஒரே பாடத்தில் இருந்தாலும்.

விளக்கம் சரி, புதுக் கேள்விகள் தவறு என்றால், சொற்கள் இருக்கின்றன, சொற்களுக்குப் பின்னால் இயங்கும் படம் இல்லை. இவர்கள் செய்யும் தவறு மறுபடி படிப்பது. படித்தால் ஏற்கெனவே இருக்கும் சொற்கள் இன்னும் சரளமாகும், அவ்வளவுதான். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, ஒரு பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். பந்து தலையின் நிழலில் விழாதபடி சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றில் எல்லாப் பிறைகளும் பந்தில் வந்துபோகும். கை தாழ்ந்து பந்து உங்கள் நிழலில் விழுந்தால், கிரகணம் எது என்பதும் தெரிந்துவிடும்.

விளக்கமே வரவில்லை என்றால் பாடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் இப்போது எதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்று தெரியும், கோடு போட்ட வரிகள் கையில் இருக்கின்றன.

## 9. ஒரு வாரம் கழித்து, வேறு கேள்விகளோடு

அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டால் விடைதான் நினைவுக்கு வரும். நம் தலைப்பில் இன்னும் கேட்க நிறைய இருக்கிறது. நண்பகலில் உதிக்கும் நிலவு எந்த நிலையில் இருக்கும்? சூரியனுக்கு ஆறு மணி நேரம் பின்தங்கி வருவதால் அது வளர்பிறையின் பாதி நிலவு, நள்ளிரவு வாக்கில் மறையும். இன்னும் கடினமாக வேண்டும் என்றால்: நிலவு பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள்தான் ஆகிறது, பிறகு ஏன் ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள்? நிலவு ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி சூரியனைச் சுற்றிச் சுமார் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையும் அந்த அளவு நகர்ந்துபோகிறது. நாளுக்கு 13 பாகை போகும் நிலவுக்கு அதை எட்டிப்பிடிக்க இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகிறது.

ஐந்தாறு தலைப்புகளில் இப்படிச் செய்த பிறகு பழைய தாள்களை எடுத்து "நிச்சயம்" என்று எழுதியவற்றில் எத்தனை சரி என்று மட்டும் எண்ணுங்கள். நாற்பதில் முப்பத்தெட்டு சரி என்றால் உங்கள் நிச்சயத்தை நம்பலாம். நாற்பதில் இருபத்தைந்து என்றால், அந்த உணர்வு வரும்போதெல்லாம் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரே தலைப்பில் வந்த நான்கைந்து விடைகளை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அவ்வளவு குறைவான எண்ணிக்கையில் ஒன்றும் தெரியாது.

இந்த முறை எல்லா அறிவுக்கும் பொருந்தாது. தாய்மொழியைப் பிழையின்றிப் பேசுகிறவரிடம் அதன் இலக்கண விதியைக் கேட்டால் வெற்றுத்தாள்தான் கிடைக்கும், அதற்காக அவருக்கு மொழி தெரியாது என்று சொல்ல முடியாது. நீச்சல், தட்டச்சு, வாத்தியம் போன்றவற்றுக்கும் அப்படியே: செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும், விளக்கச் சொல்லக் கூடாது. இன்னொரு பக்கம், எழுத வராததால் தோற்பவர்களும் உண்டு. அவர்கள் யாரிடமாவது வாய்விட்டு விளக்கி, அதைப் பதிவு செய்து கேட்கலாம். "அதாவது", "அந்த மாதிரி" என்று இழுத்து நகர்ந்த இடங்கள்தான் அவர்களுக்குக் கோடு போட வேண்டிய வரிகள்.